லைட்பாக்ஸ் மணல் ஓவியம்: காட்சி மாறும்போது திரை வெளுத்துப் போகிறது, என்ன செய்யலாம்?

பனங்காட்டான் | 3 மே 2024, இரவு 9:12

அடுத்த மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபத்தில் நாலு நிமிடப் பாட்டுக்கு லைட்பாக்ஸில் மணல் ஓவியம் செய்யப் போகிறேன். மேலே ஒரு போன், அதிலிருந்து பெரிய திரைக்கு. காட்சிகள் நான்கு: பனைமரமும் குடிசையும், அப்பா ஓட்டிய பேருந்து, மாலையும் கழுத்துமாக அப்பா அம்மா, கடைசியில் பேத்தியின் விரலைப் பிடித்து அப்பா நடப்பது.

தனித்தனியாக எல்லாப் படமும் நன்றாக வருகிறது. மாறும் இடம்தான் உதைக்கிறது. உள்ளங்கையால் முழுவதையும் வழித்துவிட்டுப் புதிதாக மணல் தூவுகிறேன். அப்போது திரை பளீரென்று வெளுக்கிறது, பிறகு மங்குகிறது, மணல் விழுந்ததும் கறுத்துப்போய் மெல்லத் தெளிகிறது. பத்துப் பதினைந்து விநாடி வெறும் கை அசைவதைத்தான் எல்லாரும் பார்க்க வேண்டியிருக்கிறது. கை வேகம் போதவில்லை என்று நினைக்கிறேன். வேகமாக வழிக்க எப்படிப் பழகுவது?

ரவைக்கோலம் | 3 மே 2024, இரவு 10:05

மணலை மாற்றிப் பாருங்கள் தம்பி. நான் ரவையில்தான் பழகுகிறேன். பருமனான குருணை என்பதால் சட்டென்று உருண்டு ஓடிவிடும், தட்டில் ஒட்டாது. நைஸ் மணல் புகை மாதிரி படிந்துவிடுகிறது, அதை வழிக்கத்தான் இவ்வளவு நேரம்.

சிப்பி | 4 மே 2024, காலை 6:50

மணல் சிற்பத்துக்கு ஈரம் எவ்வளவு வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள். பூரி கடற்கரையில் செய்வதைப் போல ஒன்று செய்தோம், மூக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது.

மணல்மேசை | 4 மே 2024, காலை 7:30

சிப்பி, அது வேறு வேலை. இங்கே பேசுவது கண்ணாடித் தட்டில் உலர்ந்த மணல், கீழே விளக்கு. ஈரம் எங்களுக்கு எதிரி, உங்களுக்கு உயிர். தனி இழை போடுங்கள், பதில் கிடைக்கும்.

பனங்காட்டான், வேகத்தை விடுங்கள். உங்களுக்கு இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. வெளுப்பதும் கறுப்பதும் கையால் வருவதில்லை, போனால் வருகிறது. தட்டை வழித்தவுடன் விளக்கு முழுவதும் மேலே அடிக்கிறது. அந்த ஒரு கணம் திரை வெளுக்கும், உடனே போன் தானாக ஒளியைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் மணல் தூவியதும் அந்தக் குறைந்த அளவில் எல்லாம் கரியாகத் தெரியும், பிறகு மறுபடியும் கூட்டும். நீங்கள் எவ்வளவு வேகமாக வழித்தாலும் இது நடக்கும். சொல்லப்போனால் வேகம் கூடினால் இன்னும் பளிச்சென்று அடிக்கும்.

மணல் இல்லாத வெறும் தட்டை எடுங்கள். அது திரையில் வெள்ளையாக, ஆனால் எரிந்துபோகாமல் தெரியும் அளவுக்கு எக்ஸ்போஷரை வைத்துப் பூட்டுங்கள். போனில் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் சிலவற்றில் `AE/AF LOCK` என்று வரும். அது ஃபோகஸையும் சேர்த்துப் பூட்டும், அதனால் தட்டின் ஓரத்தில் கொஞ்சம் மணல் போட்டு அதன் மேல் அழுத்துங்கள். இல்லாவிட்டால் கை உள்ளே வரும்போதெல்லாம் போன் கையைத் தேடிப் போகும், படம் மங்கும். கையால் அமைக்க விடும் கேமரா செயலி இருந்தால் ஒயிட் பேலன்ஸையும் நிறுத்திவையுங்கள். மஞ்சள் விளக்கில் அது தானாக அலைந்தால் முதல் காட்சி செம்மையாகவும் மூன்றாவது காட்சி சாம்பலாகவும் போய்விடும்.

இதைச் செய்துவிட்டு மறுபடியும் ஒத்திகை பாருங்கள். இரண்டாவது சிக்கலைப் பிறகு பேசலாம்.

மணல்மேசை | 4 மே 2024, காலை 7:48

சேர்க்க வேண்டியது: திரையில் கிடையாகப் பட்டைகள் ஓடினால் விளக்கின் டிம்மர்தான் காரணம். எல்இடி டிம்மர்கள் பலவும் விளக்கை வேகமாக அணைத்து ஏற்றித்தான் ஒளியைக் குறைக்கின்றன, கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரிகிறது. டிம்மரை முழுதாகத் திறந்துவிட்டு, தட்டுக்கு அடியில் ஒன்றிரண்டு பட்டர் பேப்பர் வைத்து ஒளியைக் குறையுங்கள். ஷட்டரை 1/50-ல் வைக்க முடிந்தால் வையுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

ரவைக்கோலம் அக்கா சொன்னதில் பாதி சரி. நைஸ் மணல் புகையாகப் படிகிறது என்பது உண்மை. ஆனால் அது பருமனால் வருவதல்ல. மணலில் இருக்கும் தூசியும், அக்ரிலிக்கில் ஏறும் நிலைமின்னும்தான் காரணம். உலர்ந்த கையால் அக்ரிலிக்கைத் தேய்க்கத் தேய்க்க அது தூசியை இழுத்துக்கொள்ளும். ஏசி ஹாலில் இன்னும் மோசம். மேல் தட்டு கண்ணாடியாக இருந்து, ஒளியைப் பரப்பும் பால்வெள்ளை அக்ரிலிக் அதற்குக் கீழே இருந்தால் பாதித் தொல்லை போய்விடும். மணலை நல்ல தண்ணீரில் கலங்கல் நிற்கும்வரை அலசிக் காயவைத்துச் சலித்தால் மீதியும் போகும். சலிக்கும்போது மூக்கில் மாஸ்க் கட்டுங்கள், மணல் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ரவையில் ஒளி ஊடுருவும். எவ்வளவு கொட்டினாலும் கறுப்பு வராது, தேன் நிறத்திலேயே நிற்கும். கைப்பழக்கத்துக்குச் சரி, மேடைக்குப் போதாது.

கரைமணல் | 4 மே 2024, மதியம் 1:20

கறுப்பு வேண்டுமென்றால் மணவாளக்குறிச்சிப் பக்கம் கரையில் கறுப்பு மணல் கிடக்கிறதே. நைஸாகவும் கனமாகவும் இருக்கும், ஊதினாலும் பறக்காது. ஒரு வாளி அள்ளி வந்தால் ஆயுசுக்கும் போதும்.

மணல்மேசை | 4 மே 2024, மாலை 6:15

வேண்டாம். அந்தக் கறுப்பில் இல்மனைட், கார்னெட் இவற்றோடு மோனசைட்டும் கலந்திருக்கிறது. மோனசைட்டில் தோரியம் உண்டு, கதிரியக்கம் உள்ளது. அதை உலர்த்தி, முகத்துக்கு நேரே மணிக்கணக்கில் தூவிக்கொண்டிருக்கும் வேலை இது. அனுமதியில்லாமல் கனிம மணலை அள்ளுவது சட்டப்படியும் குற்றம்.

கனமான மணல் நல்லது என்பதில் நீங்கள் சொல்வது சரிதான். விட்ட இடத்தில் விழும், துள்ளாது. அதற்கு வாட்டர்ஜெட் வெட்டும் பட்டறைகளுக்குப் போகும் 80 மெஷ் கார்னெட் மூட்டையில் விற்கிறது. செம்பழுப்பாக இருக்கும், விளக்குக்கு மேலே நன்றாகவே கறுக்கும். அதையும் அலசித்தான் எடுக்க வேண்டும்.

பனங்காட்டான் | 6 மே 2024, இரவு 8:40

போனைப் பூட்டிவிட்டேன். வெளுப்பு நின்றுவிட்டது, பெரிய நிம்மதி. ஆனால் அந்தப் பத்து விநாடி வெறுமை அப்படியே இருக்கிறது.

மணல்மேசை | 6 மே 2024, இரவு 11:02

சரி, இப்போது இரண்டாவது சிக்கல். ஒவ்வொரு காட்சியையும் வெறும் தட்டிலிருந்து தொடங்குகிறீர்கள். அதுதான் வெறுமை. பழைய காட்சியில் எது அடுத்த காட்சிக்கு எஞ்சி நிற்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பழையது போவதற்கு முன்பே புதியது தொடங்கியிருக்க வேண்டும்.

நான் செய்வது இதுதான். தட்டின் அளவுக்கே டிரேசிங் பேப்பரில் ஒவ்வொரு காட்சியின் முடிந்த நிலையையும் வரைவேன். ஒன்றின் மேல் அடுத்ததை வைத்து விளக்கில் பார்ப்பேன். இரண்டிலும் ஒரே இடத்தில் விழும் கோடு, பரப்பு எதுவோ அதைத் தொடமாட்டேன். அப்படி ஒன்றுமே விழவில்லை என்றால் இரண்டில் ஒரு படத்தை நகர்த்தி வரைவேன். தரைக்கோட்டை எல்லாக் காட்சியிலும் ஒரே உயரத்தில் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உங்கள் நான்கையும் எடுத்துப் பார்த்தேன்.

குடிசையிலிருந்து பேருந்து. குடிசையைத் தட்டின் நடுவில், கீழ் மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். தரை அப்படியே சாலையாகும். கூரையைத் தொடாமல் முதலில் குடிசைச் சுவரை இருபுறமும் நீட்டுங்கள். கையைப் பொத்தி, சுண்டுவிரல் பக்கம் லேசாகத் திறந்து மணலை ஒழுகவிட்டால் ஒரே பட்டையாக விழும். சுவர் நீண்டு பெட்டியாகத் தெரியத் தொடங்கிய பிறகு, உள்ளங்கையின் ஓரத்தால் கூரையின் இரண்டு சரிவையும் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். குடிசை வாசல் பேருந்தின் வாசலாக நிற்கும். கீழே இரண்டு பிடி மணல், நடுவில் விரல் நுனி அழுத்தினால் சக்கரம். பனைமரங்கள் சாலையோரத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், ஓரத்து மரத்தை மட்டும் எடுங்கள். கடைசியாக ஜன்னல்கள், பெருவிரலால் இழுத்து.

பேருந்திலிருந்து அப்பா அம்மா. இங்கே படம் தலைகீழாக வேண்டும். இதுவரை வெளிச்சத்தில் இருட்டு, இனி இருட்டில் வெளிச்சம். ஜன்னல்களில் நடுவிலுள்ள இரண்டை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிலும் மணல் வீசுங்கள். மணிக்கட்டைச் சுழற்றி, தட்டுக்கு ஒரு சாண் மேலிருந்து விசிறியாக. இரவு இறங்குவதுபோல் இருக்கும். அந்த இரண்டு ஜன்னல்களின் மூலைகளைப் பெருவிரலால் வளைத்துவிட்டால் இரண்டு முகங்கள். அடுத்து தலைமுடி, தோள், மாலை.

அப்பா அம்மாவிலிருந்து பேத்தி. இது கடினம். மறுபடியும் வெளிச்சத்துக்கு வர வேண்டும். ஓரங்களிலிருந்து மணலை வெளியே தள்ளிக்கொண்டே வந்து, அப்பாவின் உடலை மட்டும் நிழலாக விட்டு, அம்மா இருக்கும் இடத்தைச் சுருக்கிக் குழந்தையாக ஆக்கலாம்.

ரவைக்கோலம் | 7 மே 2024, காலை 5:55

மற்றதெல்லாம் அருமை. கடைசியை மட்டும் செய்யாதீர்கள். அறுபதாம் கல்யாணத்தன்று, அம்மா மணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளையே அம்மா முகத்தை அழிப்பதா? மண்டபத்தில் ஒரு பெரியவராவது எழுந்துவிடுவார். எனக்கே படிக்கும்போது திக்கென்றது.

மணல்மேசை | 7 மே 2024, இரவு 9:30

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. கையின் கணக்கை மட்டும் வைத்து யோசித்தேன், பார்க்கிறவர்களின் கண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். பொதுவாகவே முகத்தின் மேல் கையை இழுத்து வழிப்பது கனமான செயல். போரையோ சாவையோ காட்டுகிறீர்கள் என்றால் அது பொருந்தும். 2009-ல் உக்ரைனில் க்செனியா சிமோனோவா செய்த நிகழ்ச்சியைப் பாருங்கள், இரண்டாம் உலகப்போர்க் கதை அது. இளம்பெண் முகம் முதியவளாகி, அதிலிருந்து பெயர் தெரியாத வீரனின் நினைவுச் சின்னம் எழும். அந்த அழிவே அங்கே கதை. உங்கள் மண்டபத்தில் அது வேண்டாம்.

மாற்று வழி: எதையும் அழிக்காதீர்கள். இருவர் மாலைகளும் கீழே சரிந்து நடுவில் கிட்ட வரும்படி வரையுங்கள். அவை கிட்ட வரும் இடத்தில் விரலால் ஒரு வட்டம் திறந்தால் பேத்தியின் தலை. மாலையின் உட்கோடுகள் இரண்டும் அவளைப் பிடித்திருக்கும் கைகளாகும். அப்பா நடப்பது இருக்காது, மூவரும் சேர்ந்து நிற்பார்கள். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குத் திரும்பும் வேலையும் மிச்சம். பாட்டு முடியும் இடத்தில் செய்யும் கடினமான மாற்றம் எப்போதுமே ஆபத்து, கை அப்போது வியர்த்திருக்கும்.

பனங்காட்டான் | 8 மே 2024, காலை 7:10

அம்மாவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அக்காவுக்கு நன்றி. மாலையிலிருந்து குழந்தை என்பதைப் படிக்கும்போதே பிடித்துவிட்டது. இன்று இரவு செய்து பார்க்கிறேன்.

நிழல்24 | 8 மே 2024, மதியம் 3:33

நான் மேடையில் செய்வதில்லை, ஸ்டாப் மோஷன். விநாடிக்கு 12 படம். கரோலின் லீஃப் 1969-ல் ஹார்வர்டில் மணலில் செய்த படத்தைப் பார்த்துத்தான் இதில் இறங்கினேன். எனக்கு மாற்றம் துள்ளுகிறது. பறவை மீனாக மாறுகிறது, இரண்டு விநாடி, 24 படம். ஒவ்வொரு படத்திலும் ஒரே அளவு நகர்த்துகிறேன். அப்படியும் தொடக்கத்தில் ஒரு வெட்டு, முடிவில் ஒரு வெட்டு.

மணல்மேசை | 8 மே 2024, இரவு 10:20

ஒரே அளவு நகர்த்துவதுதான் வெட்டு. நின்றுகொண்டிருந்த பறவை முதல் படத்திலேயே முழு வேகத்தில் கிளம்புகிறது, மீன் முழு வேகத்தில் வந்து இடித்து நிற்கிறது. முதல் ஐந்தாறு படங்களில் மயிரிழை அளவே நகர்த்துங்கள், நடுவில் தாராளமாக, கடைசி ஐந்தாறில் மறுபடியும் மயிரிழை. பறவையாகவும் இல்லாமல் மீனாகவும் இல்லாமல் இருக்கும் நடுப்பகுதி மூன்று நான்கு படங்களைத் தாண்டக்கூடாது. அங்கே கண்ணுக்குப் பிடி இல்லை. பறவையின் கண்ணை அசைக்காமல் விட்டு அதையே மீனின் கண்ணாக்கினால் அந்த இடத்தையும் கடந்துவிடலாம்.

தூரிகையால் செய்யுங்கள். விரல் நகர்த்தினால் நீங்கள் நினைக்காத மணலும் சேர்ந்து நகரும்.

நிழல்24 | 9 மே 2024, இரவு 12:15

செய்தேன். தொடக்கம் சரியாகிவிட்டது. முடிவில் மீன் நின்ற பிறகும் சுற்றியுள்ள மணல் கொதிப்பதுபோல் துடிக்கிறது. இதை நிறுத்த வேண்டுமா?

மணல்மேசை | 9 மே 2024, காலை 7:05

எனக்கு அது பிடிக்கும், மணல் உயிரோடு இருப்பதாகத் தெரியும். மீன் நிற்கும்போது துடிப்பும் சட்டென்று நின்றால்தான் படம் உறைந்துபோனதுபோல் இருக்கும். வேறு சிலர் பின்னணியைத் துடைத்து வெறுமையாகவே வைக்கிறார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

பனங்காட்டான் | 12 மே 2024, இரவு 10:48

முழு ஒத்திகை முடிந்தது. குடிசை பேருந்தாவது வெண்ணெய் மாதிரி போகிறது, தங்கைக்கு எப்போது மாறியது என்றே தெரியவில்லையாம். ஜன்னல் முகமாகும் இடத்தில் என் சின்ன மகள் "தாத்தா!" என்று கத்திவிட்டாள்.

ஒரு தொல்லை. மூன்றாவது காட்சிக்கு வரும்போது ஓரங்களில் மணல் வரப்பு கட்டி, படத்தைச் சுற்றிக் கறுப்புச் சட்டம் போட்டதுபோல் ஆகிறது. இரவைத் தூவ நடுவில் மணலும் போதவில்லை.

மணல்மேசை | 13 மே 2024, காலை 6:40

ஒவ்வொரு முறை தள்ளும்போதும் மணல் ஓரத்துக்குப் போகிறது, திரும்பி வருவதில்லை. தட்டின் இரண்டு பக்கமும் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் நாலு விரல் அகலத்துக்குத் தொட்டி மாதிரி விட வேண்டும். தள்ளும் மணல் அதில் விழும், வீசும் மணலை அதிலிருந்தே அள்ளலாம். இப்போதைக்குப் பெட்டியை மாற்ற முடியாது என்றால் போனைக் கொஞ்சம் கீழே இறக்கி ஓரங்களைப் படத்துக்கு வெளியே தள்ளுங்கள். டிரேசிங் பேப்பரையும் அந்த அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

இரவுக்கு வேண்டிய மணலைத் தனியாக ஒரு கிண்ணத்தில் இடதுகைப் பக்கம் வையுங்கள். வலதுகை கடைசி ஜன்னலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே இடதுகை அள்ளத் தொடங்க வேண்டும். பார்ப்பவர் கண் நகரும் கையைத்தான் தொடரும், மற்றக் கை தயாராவது தெரியாது.

கரைமணல் | 13 மே 2024, இரவு 8:05

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? ஒரு தடவையாவது முழுசாக வழித்துவிட்டு வெள்ளைத் தட்டைக் காட்டினால் கைதட்டல் வருகிறதே. எங்கள் பக்கத்துப் பள்ளி விழாவில் பார்த்தேன், பிள்ளைகளுக்கு அந்த வழிப்புதான் பிடித்தது.

மணல்மேசை | 13 மே 2024, இரவு 9:50

வரும். முதல் தடவை வரும். நாலு நிமிடத்தில் மூன்று தடவை செய்தால் அது வெறும் துடைப்பு. கதையில் காலம் உடையும் இடம் ஒன்று இருந்தால் அங்கே ஒரு முறை வைக்கலாம், பாட்டிலும் அந்த இடத்தில் ஒரு நிறுத்தம் இருக்க வேண்டும். பனங்காட்டான் கதையில் அப்படி ஓர் இடம் எனக்குத் தெரியவில்லை.

ரவைக்கோலம் | 14 மே 2024, காலை 6:10

எனக்குக் கரைமணல் பக்கம்தான் மனசு. கோலத்தில் புள்ளி வைக்குமுன் வாசலைத் தெளித்துச் சுத்தமாகப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. குடிசைக்கு முன்னாலேயே ஒரு தடவை முழுத் தட்டையும் மணலால் மூடி, வழித்துத் தொடங்கலாமே?

பனங்காட்டான் | 14 மே 2024, இரவு 9:20

அக்கா சொன்னபடி தொடக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாட்டின் முன்னிசைக்குப் பொருந்துகிறது. ஆனால் அப்படி வழித்த மணலெல்லாம் ஓரத்துக்குப் போய்விடுவதால் வரப்பு முதல் காட்சியிலேயே வந்துவிடுகிறது. பெட்டியின் இரண்டு பக்கமும் அலுமினியப் பட்டையை மடித்துத் தொட்டி போடச் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை வந்துவிடும். அது வந்த பிறகு இரண்டு விதமாகவும் செய்து நேரம் பார்த்து எழுதுகிறேன்.

மணல்மேசை | 14 மே 2024, இரவு 9:41

தொட்டியின் விளிம்பு தட்டுக்கு மேலே துருத்தாமல், தட்டோடு சமமாக இருக்கச் சொல்லுங்கள். துருத்தினால் மணல் அதில் மோதித் திரும்பும். மண்டபத்தில் மேசை ஆடுகிறதா என்று முந்தின நாளே பாருங்கள், மேளக்காரர் பக்கத்தில் வைக்காதீர்கள்.